உப்பேறும் பண்ணைக்குட்டையில் பால் கெண்டை: மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கு வைத்து வளர்ப்பது எப்படி?

ராமநாதபுரம் கடலோரத்துப் பண்ணைக்குட்டைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். தை கழிந்து வெயில் ஏற ஏற தண்ணீர் வற்றும், உப்பும் கூடும். கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களை விட்டால் பங்குனிக்குள் வளர்ச்சி மந்தமாகிவிடும். பால் கெண்டைக்கு நல்ல தண்ணீரும் சரி, கடல் தண்ணீரும் சரி. பாசியைத் தின்றே பாதி வளர்ந்துவிடுவதால் தீவனச் செலவும் குறைவு. முதன்முதலாக வளர்ப்பவருக்கு இந்தப் பகுதியில் என் தேர்வு இதுதான்.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சந்தையில் மீன் குறையும் அந்த 61 நாட்களில் நம் மீன் கரையேற வேண்டும். பால் கெண்டை விற்கும் அளவுக்கு வர ஐந்து மாதம் ஆகும். ஆகவே டிசம்பர் கடைசியில் குஞ்சு குளத்தில் இருக்க வேண்டும். 10 சென்ட் குட்டை ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

1. மழைக்கு முன்

மணல் தரையில் தண்ணீர் நிற்காது. ஈர மண்ணை உருட்டிப் பாருங்கள், உருண்டை உடையாமல் நின்றால் குட்டை தாங்கும். ஆவணி, புரட்டாசியில் தரை வெடிக்கும் வரை காயவிட்டு, 10 கிலோ சுண்ணாம்புத் தூளைப் பரவலாகத் தூவுங்கள். ஒரு வாரம் கழித்து 50 கிலோ காய்ந்த சாணம் போடுங்கள். தண்ணீர் நுழையும், வழியும் இரண்டு வாய்க்கும் நெருக்கமான கண்ணி வலை கட்டாயம். கண்மாய்த் தண்ணீரோடு ஜிலேபியும் விராலும் வந்துவிட்டால், ஜிலேபி தீவனத்தைத் தின்னும், விரால் குஞ்சையே தின்னும்.

கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உவர்நீரில் வளர்ப்பதென்றால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

2. குஞ்சு விடுதல்

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 2015-ல் தன் முட்டுக்காடு நிலையத்தில் பால் கெண்டையைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தது. அங்கோ வேறு நாற்றங்காலிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்று, நான்கு அங்குலக் குஞ்சு 250 போதும். ஆசைப்பட்டு 500 விட்டால் எல்லாமே பொடியாக நிற்கும், பொடி மீனுக்கு விலை இல்லை.

குஞ்சு வந்த பையை அப்படியே கொட்டக் கூடாது. கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரமாவது குளத்துத் தண்ணீரைக் குவளை குவளையாகப் பைக்குள் சேருங்கள். நாற்றங்கால் தண்ணீரின் உப்பும் உங்கள் மழைத்தண்ணீரும் வெகுவாக மாறுபடும். அவசரப்பட்டால் மறுநாளே குஞ்சுகள் செத்து மிதக்கும். பையைச் சாய்த்ததும் தாமாக நீந்தி வெளியேறினால் பழகிவிட்டன என்று அர்த்தம்.

3. தீவனம்

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. புண்ணாக்கை முந்தைய இரவே ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து உருண்டையாக்கி, தட்டில் வைத்துக் கயிற்றில் இறக்குங்கள். எவ்வளவு என்பதற்கு வீச்சுவலை போட்டுப் பத்து மீனை எடை பாருங்கள். ஒரு மீன் சராசரி 100 கிராம், குளத்தில் 200 மீன் என்றால் மொத்தம் 20 கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது ஒரு நாளைக்கு 600 கிராம். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள்.

தண்ணீர் இளம்பச்சையாக இருக்க வேண்டும். கையை முழங்கை வரை விடுங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அளவு மீறிவிட்டது, சாணத்தை நிறுத்துங்கள். பாசி மிகுந்த குளத்தில், முக்கியமாக மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில், மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும். அன்று தீவனமே வேண்டாம். மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். வெயில் ஏறும் வரை நிறுத்தாதீர்கள்.

4. பிடிப்பும் விற்பனையும்

மே மாதம் 400 கிராம் தேறும். 200 மீன் மிஞ்சினால் 80 கிலோ. குஞ்சு ஒன்று 10 ரூபாய் என்று 2,500, தீவனம் 120 கிலோவுக்கு 4,200, சுண்ணாம்பு, சாணம், வலைக்கு 1,500 என்று வைத்தால் மொத்தம் 8,200 ரூபாய். அதாவது கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் அடக்கம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். அடக்கத்துக்குக் கீழே கேட்கும் வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம்.

80 கிலோவை ஒரே நாளில் பிடித்தால் வியாபாரி சொல்வதுதான் விலை. சனிக்கிழமை அக்கம்பக்கத்துக்குச் சொல்லி வைத்து, ஞாயிறு காலை கரையிலேயே 20 கிலோ விற்பது நல்லது. பிடிப்பதற்கு முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள். பெரிய கண்ணி செவுள் வலை போட்டால் சிறியவை தப்பி அடுத்த வாரத்துக்கு வளரும். இந்த மீன் வலையைத் தாண்டித் துள்ளும், அதனால் வலையின் மேல் விளிம்பை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். பால் கெண்டையில் பொடிமுள் அதிகம். வாங்குகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லி, இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, மொறுமொறுவென்று பொரிக்கச் சொல்லுங்கள். விற்காமல் மிஞ்சியதை எடைக்கு எடை பனிக்கட்டி போட்டு வைத்தால் அன்று மாலைச் சந்தைக்குக் கொண்டு போகலாம்.