கல்முனைக்குள் நுழைந்தால் கார் ஏன் ஓயாமல் கத்துகிறது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். போன மாதம் மச்சானின் காரில் அந்த வழியே போனேன். யப்பானிலிருந்து வந்த பழைய வாகனம், முன்னால் மோதப்போகிறோம் என்று எச்சரிக்கும் வசதியுடன். காத்தான்குடியில், நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்களுக்கும் கரையில் நிறுத்தியிருந்த வாகனங்களுக்கும் இடையே போகும்போதே கார் இரண்டு தடவை கத்திவிட்டது. செட்டிபாளையம், களுவாஞ்சிகுடிப் பக்கம் அமைதி. பாண்டிருப்பைத் தாண்டியதும் மறுபடியும் தொடங்கியது. கல்முனை பஸ் நிலையத்தை அடையும் முன் மச்சான் பொறுமையிழந்து, அந்த வசதியையே நிறுத்திவிட்டார்.

“பழுதான கார்” என்றார். பழுது காரில் இல்லை. உணர்திறனை ‘தூரம்’ என்ற நிலையில் வைத்தால் கார் கூடுதலான தூரத்துக்குப் பார்க்கும், அதுதான் பாதுகாப்பு என்று அவர் நம்பியிருந்தார். பலரும் செய்யும் முதல் தவறு இது. எந்த நிலையில் வைத்தாலும் கமராவும் ராடாரும் பார்க்கும் தூரம் ஒன்றுதான். மாறுவது, எத்தனை செக்கன் மிச்சம் இருக்கும்போது வாய் திறப்பது என்பது மட்டுமே.

கார் போடும் கணக்கு எளிமையானது. முன்னால் உள்ள வாகனத்துக்கும் தனக்கும் உள்ள தூரத்தை, இரண்டின் வேக வித்தியாசத்தால் வகுக்கிறது. வருவது மோதலுக்கு மீதமுள்ள நேரம். தூரம் மட்டும் குறைவாக இருந்தால் அது கத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் மூன்று மீற்றரில், அதே வேகத்தில் ஊர்ந்தால் வேக வித்தியாசம் பூச்சியம். மோதல் நேரம் என்று ஒன்றே இல்லை. சில கார்களில் ‘இடைவெளி போதாது’ என்று ஒரு சின்னம் ஒளிரும். அது வேறு வசதி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

இனிக் கல்முனை வீதிக்கு வருவோம். மச்சான் மணிக்கு 36 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 10 மீற்றரில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போகும் ஓட்டோ, கையை நீட்டிய ஒருவரை ஏற்றுவதற்காக வேகத்தைச் செக்கனுக்கு 5 மீற்றராகக் குறைக்கிறது. இடைவெளி 12 மீற்றர். 12ஐ 5ஆல் வகுத்தால் 2.4 செக்கன். எச்சரிக்கையின் எல்லை ‘தூரம்’ நிலையில் 3 செக்கனாகவும் நடு நிலையில் 2 செக்கனாகவும் இருந்தால் (விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள் இவை, காருக்குக் கார் மாறும்) முதல் நிலையில் கார் கத்தும், இரண்டாவதில் பேசாது. மச்சானோ அடுத்த செக்கனில் வலப்பக்கம் விலகி முந்துவதாக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவு அவருடைய தலைக்குள் இருக்கிறது. ஸ்டியரிங் இன்னும் திரும்பவில்லை. காருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் செக்கன்கள் திறந்த சாலைக்குப் பொருந்துகிற அளவுக்கு நெரிசலான கடைத்தெருவுக்குப் பொருந்துவதில்லை. அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்புத் தர மதிப்பீட்டில் ஒரு சோதனை உண்டு: மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீற்றரில் போகும் கார், நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை நெருங்கும்போது மோதலுக்குக் குறைந்தது 2.1 செக்கன் முன்பே எச்சரிக்க வேண்டும். அந்த வேகத்தில் அது 42 மீற்றர். கல்முனையில் உங்களுக்கு முன்னால் 42 மீற்றருக்குள் எத்தனை ஓட்டோ, எத்தனை சைக்கிள், எத்தனை பேர் வீதியைக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எரிச்சலில் முழுவதையும் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. மச்சான் செய்தது அதுதான். பல கார்களில் எச்சரிக்கையும் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் ஒரே சுவிட்சில் இருக்கின்றன. சத்தத்தைத் தொலைக்கப் போய் பிரேக்கையும் தொலைத்துவிடுகிறோம். தேவையானது ஒரு படி குறைப்பது மட்டுமே. யப்பான் மொழித் திரையில் அதைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலும் 遠 என்ற எழுத்து வருவது முன்கூட்டியே கத்தும் நிலை, 近 வருவது பிந்திக் கத்தும் நிலை. மாற்றிய பின் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பாருங்கள். சில கார்கள் தேர்வை நினைவில் வைத்திருக்கும், சில பழைய நிலைக்கே திரும்பிவிடும். வேகத்தைத் தானாகப் பேணும் குரூஸ் வசதியின் இடைவெளிக் கோடுகளை மூன்றிலிருந்து ஒன்றாக்கிவிட்டு, “குறைத்தும் கத்துகிறதே” என்று சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியும். பெரும்பாலான கார்களில் அந்தக் கோடுகளுக்கும் இந்தச் சத்தத்துக்கும் தொடர்பில்லை.

ஆனால் நிலையை மாற்றுவதைவிடக் காலை மாற்றுவது கூடப் பயன் தரும். அதே ஓட்டோவை 20 மீற்றர் தூரத்தில் கண்டபோதே எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டிருந்தால்? அப்போது மீதி நேரம் 4 செக்கன். செக்கனுக்கு 1.5 மீற்றர் வீதம் வேகம் குறைந்தால், இரண்டு செக்கனில் வேக வித்தியாசம் செக்கனுக்கு 2 மீற்றராகிறது, இடைவெளி 13 மீற்றராக இருக்கிறது, மீதி நேரம் 6.5 செக்கனாக ஏறிவிடுகிறது. எந்த நிலையில் வைத்திருந்தாலும் கார் பேசியிருக்காது. திரும்பிய பயணத்தில் மச்சானை நடு நிலையில் வைத்து இப்படி ஓட்டச் சொன்னேன். முனகிக்கொண்டுதான் ஓட்டினார், சத்தம் வெகுவாகக் குறைந்தது.

உண்மையிலேயே பழுது என்று சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. ஆளில்லாத நேர்வீதியில், கரையில் நிற்கும் வாகனங்களுக்கெல்லாம் கத்துகிறதா? முன்கண்ணாடி எப்போது மாற்றப்பட்டது என்று முதலில் கேளுங்கள். கமரா அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில்தான் இருக்கிறது. அது ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால், 40 மீற்றரில் 70 சென்ரிமீற்றர் பிழை. கரையில் நிற்கும் ஓட்டோ உங்கள் பாதைக்குள் நிற்பதாக அது கணக்கிடப் போதுமான பிழை அது. கண்ணாடி மாற்றிய கராஜில் கமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, நம்மூருக்கே உரியது. மாமாங்கத்தில் வாகனப் பூசை முடித்து, முன்பக்கச் சின்னத்தின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி மாலையும் தொங்கவிடுகிறோம். பல கார்களில் ராடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை மறைத்தால் பெரும்பாலும் பொய்ச் சத்தம் வராது; ராடார் இயங்கவில்லை என்ற அறிவிப்பு வரும், அல்லது முன்னால் உள்ளதை அது காணாமலே விடும். சந்தனத்தைப் பொன்னெற் மேல் வையுங்கள்.

ஓட்டோவுக்கெல்லாம் கத்துகிற கார், இருட்டியபின் குருக்கள்மடம் பக்கம் நடுவீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கும் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல கார்களின் கமரா வாகனங்களையும் மனிதரையும் அடையாளம் காணவே பழக்கப்பட்டது. கையேட்டிலேயே விலங்குகளைக் காணாமல் விடலாம் என்று எழுதியிருக்கும். அன்று திரும்பும்போதும் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. மச்சான்தான் கண்டு பிரேக் பிடித்தார். கார் மூச்சு விடவில்லை.