போறன், போறான்: பேச்சை எழுத்தாக்கும் கருவியிடம் ஏமாறும் இடங்கள்

பேச்சை எழுத்தாக்கும் கருவி உளறிக்கொட்டினால் பிரச்சினையே இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். வம்பு எங்கே என்றால், ஒலி கிட்டத்தட்ட சரியாக இருந்து, சொல்லும் தமிழ்ச் சொல்லாகவே இருந்து, பொருள் மட்டும் தலைகீழாகப் போகும் இடத்தில். வட்டார வழக்கில் பேசுகிறவர்களின் பதிவுகளில் இது அடிக்கடி நடக்கும்.

யாழ்ப்பாண வழக்கில் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

கடையை விற்றுப்போட்டுப் போறன் எண்டு சொன்னன்.

கருவி எழுதித் தருவது:

கடையை விட்டுப்போட்டுப் போறான் என்று சொன்னான்.

சொன்னவர் பேசியது தன்னைப் பற்றி: கடையை விற்றுவிட்டுப் போகிறேன் என்று நான் சொன்னேன். எழுத்தில் வந்ததோ, யாரோ ஒருவன் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறான் என்று வேறொருவன் சொன்னான் என்ற செய்தி. விற்பனையும் காணோம், சொன்ன ஆளும் மாறிவிட்டார். ஆனால் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

இது எப்படி நடந்தது? தமிழ்நாட்டில் பெரும்பாலோர் 'விற்று' என்பதை 'வித்து' என்று நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ற்ற பழைய இடத்திலேயே, பல்லுக்குச் சற்று மேலே ஒலிக்கிறது. அது த்த-வுக்கும் ட்ட-வுக்கும் நடுவில் கிடக்கும் ஒலி. தமிழ்நாட்டுப் பேச்சையே அதிகம் கேட்டுப் பழகிய கருவி அதை ட்ட என்று முடிவுகட்டிவிடுகிறது. அப்புறம் வினைமுற்று. தன்மைக்கு 'போறேன்', ஆண்பாலுக்கு 'போறான்' என்ற இரண்டும் அதற்கு நன்றாகத் தெரியும். 'போறன்' என்ற தன்மை வடிவம் பயிற்சியில் அரிதாகவே கண்ணில் பட்டிருக்கும். கருவி ஒலியை மட்டும் பார்த்து எழுதுவதில்லை, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்குப் போடுகிறது. ஒலி அரைகுறையாகப் பொருந்தினாலும், பலமுறை பார்த்த 'போறான்' ஜெயித்துவிடும். தமிழில் 'நான்' என்று சொல்லாமலே பேசலாம் என்பதால், தடுத்து நிறுத்த எழுவாயும் இல்லை.

ஈழத் தமிழுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பேச்சில் 'வந்தாள்' என்பதும் 'வந்தால்' என்பதும் 'வந்தா' என்றே முடியும். 'வந்தான்' என்பதில் கடைசி மெய் கரைந்து மூக்கொலி மட்டும் மிஞ்சும். ஒலிவாங்கி கொஞ்சம் தள்ளி இருந்தால் அந்த மூக்கொலியும் போய்விடும். மூன்றும் ஒன்றாகிவிட்டபின் கருவி எதை எழுதினாலும் படிக்க நன்றாகத்தான் இருக்கும். 'வூட்ல இருக்கேன்' என்றவரை அது ஊட்டிக்கே அனுப்பிவைத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

முதல் தவறு, இப்படி வந்த எழுத்தைக் கண்ணால் மட்டும் படித்துத் திருத்துவது. கண் தேடுவது எழுத்துப் பிழையை, இங்கே அது இல்லை. முழுப் பதிவையும் மறுபடி கேட்க நேரமில்லை என்றால், கேட்க வேண்டிய இடங்களையாவது தேர்ந்தெடுங்கள். ஆன், ஆள், ஆ என்று முடிந்து பக்கத்தில் எழுவாய் இல்லாத ஒவ்வொரு வினையும் அப்படிப்பட்ட இடம். ட்ட வரும் சொல்லில் ற்ற வைத்தாலும் பொருள் வந்தால் அதுவும் அப்படியே: விட்டு-விற்று, கட்டு-கற்று, காட்டு-காற்று. கேட்கும்போது குறில் நெடிலைத் தனியாக அளக்க முடியாது, வேகமாகப் பேசுகிறவரின் நெடில் இன்னொருவரின் குறில் அளவுக்குத்தான் இருக்கும். அதே ஆள் ஐயமே இல்லாமல் 'அவன் போறான்' என்று சொன்ன ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதையும் சந்தேகமான இடத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் உடனே காதில் விழும்.

ஒரு பிழையைக் கண்டுபிடித்த வேகத்தில் கோப்பு முழுவதும் 'போறான்' என்பதை 'போறன்' என்று ஒரே தட்டில் மாற்றுவது அடுத்த தவறு. உண்மையிலேயே 'அவன் போறான்' என்று வந்த இடமும் கெடும். அதை விட மோசம், எது கருவி செய்தது எது நீங்கள் செய்தது என்று பிறகு யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. 'எண்டு' என்பதற்கு மட்டும் இப்படிச் செய்யலாம், அங்கே பொருள் மாறப்போவதில்லை.

விஸ்பர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், வழக்குச் சொற்களை முன்கூட்டியே காட்டிவிட்டால் போதும் என்று நம்புவார்கள்:

```
whisper pathivu.wav --language ta --initial_prompt "நான் போறன். நாங்கள் வந்திட்டம் எண்டு சொன்னன்."
```

இது ஓரளவு உதவும். ஆனால் விஸ்பர் பதிவை 30 வினாடித் துண்டுகளாக எடுத்து வேலை செய்கிறது. முதல் துண்டைத் தாண்டியதும், வழக்கமான அமைப்பில், அது தானே எழுதியதும் அடுத்த துண்டுக்குக் குறிப்பாகப் போகிறது. அந்தக் குறிப்புக்கான இடமும் சிறியது, தமிழ் எழுத்துகள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். நீங்கள் கொடுத்த வாக்கியம் வெளியே தள்ளப்பட, ஒருமுறை தப்பாக விழுந்த 'போறான்' அடுத்த 'போறான்' விழவும் வழிசெய்யும். அதனால் நீண்ட பதிவின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சரியாக வருகிறது' என்று முடிவு செய்யாதீர்கள், நடுவிலிருந்தும் ஒரு துண்டு கேளுங்கள்.

கருவியை மதிப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. சொற்பிழை விகிதத்தை மட்டும் பார்த்து எது நல்லது என்று தீர்மானிக்கிறார்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூல வாக்கியத்தில் 5 சொற்கள், கருவி தந்ததில் 4 மாறியிருக்கின்றன, ஆக 80 சதவீதப் பிழை. இன்னொரு கருவி அதையே 'கடையை விற்றுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன்' என்று எழுத்துத் தமிழில் தந்தால்? அதிலும் 4 சொற்கள் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, அதற்கும் 80 சதவீதம்தான். பொருளைக் காப்பாற்றியதும் கெடுத்ததும் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன. சொல்லை விட்டு எழுத்தெழுத்தாக எண்ணும் எழுத்துப் பிழை விகிதத்துக்கு மாறினால் சரியாகுமா என்றால், இங்கே இன்னும் வேடிக்கை. ஒலியை ஒட்டிப் போன தப்பான வாக்கியம்தான் எழுத்தளவில் மூலத்துக்கு நெருக்கம், அதற்கே நல்ல மதிப்பெண். இப்படிப்பட்ட பதிவுகளுக்கு, யார் செய்தார், செய்தாரா இல்லையா, எந்த வினை என்ற மூன்றும் தப்பியதா என்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் உருப்படியான வழி.

கருவியைப் பயிற்றுவிக்க எழுத்துப்படி தயாரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒலியில் 'போறன்' இருக்க, ஒருவர் 'போறேன்' என்றும் இன்னொருவர் 'போகிறேன்' என்றும் மூன்றாமவர் கேட்டபடியும் எழுதினால், அந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று கருவியால் கற்கவே முடியாது. கேட்டபடி ஒரு வரி, எழுத்துத் தமிழில் இன்னொரு வரி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் பிடிபடாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், நிமிடம் வினாடியோடு ஒரு கேள்விக்குறி போட்டு, முடிந்தால் பேசியவரிடமே கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.