டிபன் கடையில் பில் சராசரியை உயர்த்துவது எப்படி? போர்டு, காம்போ, சர்வர் கேட்கும் ஒரு கேள்வி

முப்பது நாற்பது பேர் உட்காரும் சைவ டிபன் கடை ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். மாலையில் தோசை, இட்லி, வடை, காபிதான் வியாபாரம். இருக்கிற இடத்தில் இதற்கு மேல் ஆட்களை உட்கார வைக்க முடியாது. வருகிறவர் ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் வாங்கினால்தான் கல்லாவில் வித்தியாசம் தெரியும்.

முதலில் கணக்கு

ஒரு வார விற்பனையை அந்த வாரத்தின் பில் எண்ணிக்கையால் வகுத்தால் பில் சராசரி வந்துவிடும். ஜிஎஸ்டி வசூலிக்கிற கடை என்றால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் குடும்பமாக வந்து ஒரே பில் போட்டால் சராசரி தானாக ஏறிவிடும். அதனால் ஆர்டர் சீட்டிலேயே எத்தனை பேர் என்பதையும் எழுதச் சொல்லி, தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண நாட்களையும் ஞாயிறையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பண்டத்துக்கும் பொருள் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம், அதிகம் ஓடுகிற ஐந்தாறு போதும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: சாதா தோசை 60 ரூபாய், மாவு, எண்ணெய், சட்னி, சாம்பார் எல்லாம் சேர்த்து 18 ரூபாய் செலவு, மிச்சம் 42. வடை 20, செலவு 7, மிச்சம் 13. காபி 25, செலவு 11, மிச்சம் 14. நெய் ரோஸ்ட் 90, செலவு 30, மிச்சம் 60. உங்கள் கடையின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கடைசி எண் தெரியாமல் காம்போ போடவே கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.

போர்டும், சர்வர் வாயால் சொல்லும் பட்டியலும்

தோசையில் மட்டும் இருபது வகை எழுதி வைத்திருக்கும் கடைகள் உண்டு. பசியோடு வருகிறவர் அதையெல்லாம் படிக்க மாட்டார். “ஒரு சாதா” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துவிடுவார். ஒரு மாதத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கே போகிற வகைகளை எடுத்துவிடுங்கள். மீதி இருப்பதை விலை ஏறும் வரிசையில் அடுத்தடுத்து எழுதுங்கள்: சாதா 60, பொடி தோசை 75, நெய் ரோஸ்ட் 90. சாதாவிலிருந்து நேராக நெய் ரோஸ்டுக்குப் போக 30 ரூபாய் கூடுதல். அதற்குத் தயங்குகிறவர் 15 ரூபாய் கூட்டிப் பொடி தோசை கேட்பார். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் பொடி தோசைக்கு இறங்கிவிடலாம். நெய் ரோஸ்ட் குறைவதைவிட சாதா அதிகம் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் நடுவில் வைத்த படியால் பயன் இல்லை.

விலையைப் போர்டில் எழுதாமல் விட்டால் அதிகம் வாங்குவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. பெரிய ஓட்டலுக்கு எப்படியோ, டிபன் கடையில் விலை தெரியாதவர் பயந்து குறைவாகத்தான் கேட்பார்.

இன்னொன்று: வாடிக்கையாகச் சாப்பிட வருகிறவர் போர்டைப் பார்ப்பதே இல்லை. “என்ன இருக்கு?” என்று சர்வரைத்தான் கேட்கிறார். சர்வர் மூச்சு விடாமல் “இட்லி பொங்கல் பூரி தோசை” என்று ஒப்பிக்கும் அந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான மெனு. அதில் முதலிலும் கடைசியிலும் வருகிற பெயர்தான் காதில் நிற்கும். அந்த இரண்டு இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று தினமும் மாலை கடை சூடு பிடிக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

காம்போ: சராசரி ஏறும், லாபம் இறங்கும்

பெரும்பாலான கடைகள் முதலில் போடும் காம்போ தோசை, வடை, காபி. தனித்தனியாக 105 ரூபாய், காம்போவில் 95. பொருள் செலவு 36, ஆக மிச்சம் 59.

இப்போது இதை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வெறும் தோசை மட்டும் சாப்பிடுகிறவர் வாங்கினால் மிச்சம் 42-இலிருந்து 59 ஆகிறது, 17 ரூபாய் லாபம். தோசையும் காபியும் சாப்பிடுகிறவர் மாறினால் 56 என்பது 59 ஆகிறது, 3 ரூபாய்தான். ஏற்கெனவே மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மாறினாலோ 69 என்பது 59 ஆகி, 10 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

நூறு காம்போ விற்றதில் 50 பேர் முதல் வகை, 30 பேர் இரண்டாம் வகை, 20 பேர் மூன்றாம் வகை என்றால் 850 கூட்டல் 90 கழித்தல் 200, மொத்தம் 740 ரூபாய் லாபம். அதுவே 10, 20, 70 என்று இருந்தால் 170 கூட்டல் 60 கழித்தல் 700. நூறு காம்போ விற்று 470 ரூபாய் நட்டம்! “காம்போ பிரமாதமாகப் போகுது” என்று முதலாளி சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே காம்போ போடுவதற்கு முன்பே ஒரு வாரப் பில்களைப் புரட்டுங்கள். எவை ஏற்கெனவே சேர்ந்தே போகின்றனவோ அவற்றைக் காம்போவாகப் போடாதீர்கள். வடை எல்லா மேசைக்கும் போகிறது, கேசரியை யாரும் கேட்பதில்லை என்றால் தோசை, காபியோடு சின்னக் கிண்ணத்தில் கேசரி வையுங்கள். கேசரியில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. முன்கூட்டியே கிண்டி வைத்துவிடலாம், கூட்ட நேரத்தில் மாஸ்டருக்குக் கூடுதல் வேலை இல்லை. இரண்டு காம்போவுக்கு மேல் வேண்டாம். இலையிலோ தட்டிலோ கேசரி மிஞ்சித் திரும்பி வந்தால், வாங்கியவர் அடுத்த முறை வாங்க மாட்டார் என்று அர்த்தம்.

சர்வர் எப்போது, என்ன கேட்க வேண்டும்

“வேற என்ன வேணும்?” என்று கேட்டால் “ஒண்ணும் வேண்டாம், பில் கொண்டாங்க” என்பதுதான் பதில். பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆர்டர் எடுக்கும்போது, “வடை இப்பதான் எடுத்தது சார், ஒண்ணு வைக்கட்டுமா?” தோசை முக்கால்வாசி முடியும்போது, “காபி சொல்லிடட்டுமா?” இந்த இரண்டு இடம் போதும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். கேட்காமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைக்கிற பழக்கம் கூடவே கூடாது. இருபது ரூபாய்க்காக ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார்.

வடை சூடாக இல்லாமல் இந்த வாக்கியத்தைச் சொன்னால் ஒரே நாளில் நம்பிக்கை போய்விடும். மொத்தமாகப் போட்டு அடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.

வாசலில் ஆட்கள் காத்திருக்கும்போது மேசையில் காபி கேட்கவே வேண்டாம். 14 ரூபாய் மிச்சத்துக்காக ஒருவர் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால், அந்த இடத்தில் விற்றிருக்க வேண்டிய தோசை போய்விடும். அந்த நேரத்தில் காபியை வாசல் பக்கம் நின்று குடிக்கிற கவுன்டருக்கு அனுப்பிவிடலாம்.

ஊக்கத்தொகை கொடுப்பதானால் தனியாளுக்குக் கொடுக்காமல், ஷிப்ட் முழுவதற்கும் பிரித்துக் கொடுங்கள். தனியாளுக்கு என்றால் நல்ல மேசைக்குப் போட்டி வரும், வாடிக்கையாளரை வற்புறுத்தலும் ஆரம்பமாகும்.

பலித்ததா என்று பார்ப்பது

மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் சர்வர் கேள்வி, இரண்டு வாரம் கழித்துப் போர்டு, அப்புறம் காம்போ. செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிப்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம். செவ்வாயைச் செவ்வாயோடு ஒப்பிடுங்கள். சம்பள வாரத்தை மாதக் கடைசியோடு ஒப்பிட்டால் எதைச் செய்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும். தலைக்கு வரும் தொகை, தலைக்கு மிஞ்சும் தொகை, மொத்த ஆட்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் இரண்டும் ஏறி, மூன்றாவது வாரா வாரம் இறங்கினால் வற்புறுத்தல் அதிகமாகிவிட்டது. முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால் காம்போ விலையில் கை வையுங்கள்.