நர்சிங் வகுப்புக்குக் கற்றல் நோக்கம் எழுதுவது எப்படி? தாழ்சர்க்கரை பாடத்தை வைத்து ஒரு செய்முறை

‘வகுப்பின் முடிவில் மாணவர்கள் தாழ்சர்க்கரை பற்றிப் புரிந்துகொள்வார்கள்.’ லெசன் பிளான்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. கேள்வித்தாள் தயாரிக்க உட்காரும்போதுதான் இதிலுள்ள சிக்கல் தெரியும். புரிந்ததா இல்லையா என்பதை எதைப் பார்த்துச் சொல்வது?

1956-இல் வெளிவந்து 2001-இல் திருத்தப்பட்ட ப்ளூம் வகைப்பாடு இதற்குக் கைகொடுக்கும். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என அதில் ஆறு நிலைகள் உண்டு. ஐம்பது நிமிட வகுப்பில் ஆறையும் தொட வேண்டியதில்லை. நான்கு நோக்கங்களே தாராளம்.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

வினைச்சொல் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வார்டில் இந்த மாணவர் எதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று யோசித்து, அதைச் சோதிக்கும் கேள்வியை எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பொருந்தும் வினைச்சொல் தானாக வரும்.

படி 2: அடிப்படைக்கு ஒன்று

‘தாழ்சர்க்கரையின் எல்லை அளவையும், அதன் அறிகுறிகளில் ஐந்தையும் குறிப்பைப் பார்க்காமல் பட்டியலிடுவார்.’ நீரிழிவு நோயாளிக்கு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. இது நினைவுகூர்தல். ஒன்று போதும், நான்கையும் இந்த நிலையிலேயே எழுதிவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

படி 3: புரிதலுக்கு ஒன்று

‘வியர்வையும் படபடப்பும் ஏன் வருகின்றன, குழப்பம் ஏன் வருகிறது என்பதைத் தன் சொற்களில் விளக்குவார்.’ முதல் இரண்டும் உடலின் எச்சரிக்கை. சர்க்கரை குறையும்போது அட்ரினலின் சுரக்கிறது, தன்னியக்க நரம்புகள் தூண்டப்படுகின்றன. குழப்பமோ மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால் வருவது. ‘தன் சொற்களில்’ என்பதை விட்டுவிட்டால், ஸ்லைடில் இருந்த வரியை ஒப்பித்தவருக்கும் முழு மதிப்பெண் போட வேண்டி வரும்.

படி 4: சூழலைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்

‘நினைவோடு இருக்கும், விழுங்க முடிகிற, சர்க்கரை 58 உள்ள நோயாளியின் விவரம் தரப்பட்டால், முதல் 15 நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுவார்.’ எதிர்பார்க்கும் விடை: விரைவில் உறிஞ்சப்படும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மீண்டும்.

இங்கே ‘நினைவோடு’, ‘விழுங்க முடிகிற’ என்ற இரண்டு சொற்கள் விட்டுப்போனால் நோக்கமே ஆபத்தானதாகிவிடும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாய்வழியாக எதையும் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அவருக்கு சிரை வழி டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுக்ககான் ஊசிதான்.

படி 5: பகுத்தாய்தலுக்கு ஒரு கேஸ் ஷீட்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இப்படி ஒரு கேஸ் எழுதுங்கள்: வயது 62. காலை இன்சுலின் வழக்கம்போல் போடப்பட்டது. ஸ்கேனுக்காக உணவு நிறுத்தப்பட்டது. இரத்த அழுத்தத்துக்குப் ப்ரோப்ரனலால் எடுக்கிறார். பத்து மணிக்கு உடல் வியர்த்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. நடுக்கமும் படபடப்பும் இல்லை. சர்க்கரை 50.

நோக்கம்: ‘கேஸ் ஷீட்டிலிருந்து சர்க்கரை குறையக் காரணமானதையும், அறிகுறியை மறைத்ததையும் பிரித்துக் காட்டுவார்.’ சர்க்கரையைக் குறைத்தது இன்சுலினும் பட்டினியும் சேர்ந்து. நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்திருக்கக்கூடியது பீட்டா தடுப்பு மருந்தான ப்ரோப்ரனலால். வியர்வையை அது மறைப்பதில்லை. மூன்றையும் ‘காரணங்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டும் மாணவர் இன்னும் பகுத்தாய்தல் நிலைக்கு வரவில்லை.

ஒரு எச்சரிக்கை: இதே கேஸை வகுப்பில் அலசிவிட்டுத் தேர்விலும் அப்படியே கேட்டால், அது வெறும் நினைவுகூர்தலாக இறங்கிவிடும். நிலையைத் தீர்மானிப்பது வினைச்சொல் மட்டுமல்ல. அந்தக் கேள்வி மாணவருக்குப் புதிதா என்பதும்தான். தேர்வுக்கு மருந்தையும் சூழலையும் மாற்றிய இன்னொரு கேஸ் கைவசம் இருக்கட்டும்.

மதிப்பிடுதலும் உருவாக்குதலும் இந்த வகுப்பில் வேண்டாம். ‘வார்டுக்கான நெறிமுறை தயாரிப்பார்’ என்று எழுதலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஐம்பது நிமிடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. தனி அசைன்மென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒவ்வொரு வரியையும் சல்லடையில் போடுங்கள்

ஒரு நோக்கத்தில் ஒரு வினைச்சொல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பட்டியலிட்டு விளக்குவார்’ என்றால், பட்டியலிட்டு விளக்காமல் விட்டவருக்கு எத்தனை மதிப்பெண்? செய்பவர் மாணவரா என்றும் பாருங்கள். ‘அறிகுறிகள் கற்பிக்கப்படும்’ என்பது ஆசிரியரின் வேலை. ‘குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பார்’ என்பது கைத்திறன். அதை எழுத்துத் தேர்வில் சோதிக்க முடியாது. ஸ்கில் லேப் திட்டத்துக்கு நகர்த்திவிடுங்கள்.