தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு: கடைசி வினையை மட்டும் நகர்த்தினால் போதாது

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப் பழகுகிறவருக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு. தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை வரும். ஆங்கிலத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசை வரும் என்பதே அது. விதியில் பிழையில்லை, மூன்று சொல் வாக்கியத்துக்கு அது போதும். வாக்கியம் சற்று நீண்டு, அதற்குள் ‘வந்த’, ‘கொடுத்த’, ‘என்று’ போன்றவை நுழைந்தவுடன், கடைசி வினையை மட்டும் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு மற்றவற்றைத் தமிழ் வரிசையிலேயே விட்டுவிடுவதுதான் பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. வரிசை ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல், எது எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் தவறு இது.

‘குமார் ராமனைக் கூப்பிட்டான்’ என்றாலும் ‘ராமனைக் குமார் கூப்பிட்டான்’ என்றாலும் கூப்பிட்டவன் குமார்தான். ராமன் என்ற பெயரோடு ஒட்டியிருக்கும் ‘ஐ’ உருபு, அவன் எந்த இடத்தில் நின்றாலும் அவனைச் செயப்படுபொருளாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘கூப்பிட்டேன்’ என்ற ஒரு சொல்லே செய்தவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இப்படிப்பட்ட உருபு இல்லை. ‘குமார் கால்ட் ராமன்’ என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் கூப்பிட்டவரும் கூப்பிடப்பட்டவரும் மாறிவிடுவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன; துணைவாக்கியங்களில் வினை கடைசியில் நிற்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. அந்த விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்து, ‘ஹீ’, ‘ஹிம்’ போன்ற சில மாற்றுப்பெயர்களில் மட்டும் மிஞ்சியபோது, உருபு செய்த வேலையைச் சொல்லின் இடம் ஏற்றுக்கொண்டது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள் என்று ஆனபின், வினை இரண்டுக்கும் நடுவில் நின்றே ஆக வேண்டும்.

இது பாதிக் காரணம்தான். தமிழில் வினை கடைசியில் வருவது தனித்து நிற்கும் பழக்கம் அன்று. எந்தத் தொடரிலும் அதைத் தாங்கி நிற்கும் சொல் கடைசியில் வருவது தமிழின் பொதுவான போக்கு. ‘மேசையின் மேல்’ என்பதில் இடத்தைக் குறிக்கும் ‘மேல்’ பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஆன்’ முன்னால் வருகிறது. ‘ஊரிலிருந்து வந்த மாமா’ என்பதில் விளக்கம் முன்னால் வந்து மாமா கடைசியில் வருகிறார். ஆங்கிலத்தில் மாமாவைச் சொன்ன பிறகுதான் அவர் எங்கிருந்து வந்தவர் என்று சொல்ல முடியும். ‘வருவான் என்று’, ‘பெய்ததால்’, ‘வந்தபோது’ என்று இணைப்பைக் காட்டும் உறுப்புகள் எல்லாம் தமிழில் வால்பக்கம் ஒட்டுகின்றன. ‘தட்’, ‘பிகாஸ்’, ‘வென்’ எல்லாம் ஆங்கிலத்தில் தலைப்பக்கம் நிற்கின்றன. ஆகவே ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது, ஒவ்வொரு தொடருக்குள்ளும் ஒரு திருப்பம் நடந்தாக வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்த பெரியப்பா வாங்கிக் கொடுத்த தலையாட்டிப் பொம்மையைத் தம்பி கீழே போட்டு உடைத்துவிட்டான் என்று அம்மா சொன்னாள்.’ தமிழில் இது யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண வாக்கியம். இதை இடமிருந்து வலமாக, வந்த சொல்லை வந்தபடியே ஆங்கிலத்தில் போடத் தொடங்கினால், ‘லாஸ்ட் வீக்’ என்று ஆரம்பித்து, நான்கு சொற்களுக்குள் வழி அடைபட்டுவிடும். முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வருவதே வழி.

கடைசியில் நிற்கும் முற்றுவினை ‘சொன்னாள்’. அதன் எழுவாய் அம்மா. ஆங்கில வாக்கியம் இந்த இரண்டோடு தொடங்கும்: அம்மா சொன்னாள். அடுத்து ‘என்று’, அது ‘தட்’ ஆகி உடனே வரும். அதற்குள் இருக்கும் செய்தியின் வினை ‘போட்டு உடைத்துவிட்டான்’, எழுவாய் தம்பி, செயப்படுபொருள் பொம்மை. ஆக, அம்மா சொன்னாள், தம்பி போட்டு உடைத்தான் பொம்மையை என்ற அளவுக்கு வந்துவிட்டோம். எந்தப் பொம்மை? பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. இந்த விளக்கம் பொம்மைக்குப் பின்னால் வர வேண்டும். அதற்குள்ளும் பெரியப்பா முதலில், வாங்கிக் கொடுத்தது பிறகு. எந்தப் பெரியப்பா? போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். இந்த விளக்கமும் பெரியப்பாவுக்குப் பின்னால் வந்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். பெரியப்பாவுக்கும் ‘வாங்கிக் கொடுத்தார்’ என்ற அவருடைய வினைக்கும் நடுவே ‘ஹூ கேம் ஃப்ரம் தஞ்சாவூர் லாஸ்ட் வீக்’ என்ற முழுத்தொடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இலக்கணப்படி அது தவறில்லை என்றாலும், எழுவாயையும் வினையையும் இவ்வளவு தூரம் பிரித்து வைத்தால் ஆங்கில வாசகர் தடுமாறுவார். என் கணிப்பில், இந்த இடத்தில் பெயரெச்சத்தைப் பெயரெச்சமாகவே கொண்டுபோக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். ‘போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்தபோது பெரியப்பா வாங்கிக் கொடுத்த பொம்மை’ என்று மனத்துக்குள் தமிழிலேயே மாற்றிக்கொண்டு, ‘வென்’ என்று தொடங்கும் தொடராக அதைக் கடைசியில் வைத்தால் வாக்கியம் இயல்பாக ஓடும். ஊரிலிருந்து வந்தபோதுதான் பொம்மையைக் கொடுத்தார் என்பது சூழலிலிருந்து உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இதே வாக்கியத்தில் ‘போன வாரம்’ என்ற இரண்டு சொற்கள் இன்னொரு பொறி. தமிழில் காலம் காட்டும் சொல் பெரும்பாலும் தனக்கு அடுத்து வரும் வினையைச் சேரும். இங்கே அது ‘வந்த’ என்பதைச் சேர்கிறது. அது முதலில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலும் முதலில் வைத்தால், அம்மா சொன்னதே போன வாரம் என்று பொருள் மாறிவிடும். பயந்து கடைசிக்குத் தள்ளும்போதும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் பின்னால் வரும் காலச்சொல் தனக்கு முன்னால் உள்ள வினையைப் பற்றிக்கொள்ளும். ‘பாட்’ என்பதற்குப் பின்னால் வைத்தால் வாங்கியது போன வாரம் ஆகும். ‘கேம்’ என்பதற்குப் பின்னால் வைத்தால்தான் வந்தது போன வாரம் ஆகும். மொழிபெயர்த்து முடித்ததும் ஒவ்வொரு காலச்சொல்லையும் தொட்டு, இது எந்த வினைக்கு உரியது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

பின்னோக்கி வர வேண்டும் என்று கற்றுக்கொண்டவர் அடுத்துச் செய்யும் தவறு, எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிவிடுவது. ‘கடைக்குப் போய், அரிசி வாங்கி, வீட்டுக்கு வந்தேன்’ என்பதில் உள்ள வினையெச்சங்கள் நடந்த வரிசையில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் அந்த வரிசை அப்படியே இருக்கும். எழுவாயை முதலில் வைத்து, வினைகளை முற்றாக்கி, கடைசி வினைக்கு முன்னால் ‘அண்ட்’ சேர்த்தால் போதும். ‘மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்’ என்பதிலும் காரணத்தை முன்னால் வைக்க ஆங்கிலம் இடம் தருகிறது. மாறுவது தொடருக்குள் மட்டும்: ‘ஆல்’ என்ற விகுதி ‘பிகாஸ்’ ஆகி மழைக்கு முன்னால் போகிறது. முன் பத்தியில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், காரணத்தை முன்னால் விடுவதே நல்லது.

பெயரெச்சத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘நான் சாப்பிட்ட இட்லி’, ‘நான் சாப்பிட்ட ஓட்டல்’, ‘நான் சாப்பிட்ட தட்டு’ ஆகிய மூன்றும் தமிழில் ஒரே அச்சில் வார்த்தவை. இட்லி சாப்பிடப்பட்டது, ஓட்டல் சாப்பிட்ட இடம், தட்டு சாப்பிடப் பயன்பட்ட பொருள் என்ற உறவை எந்த உருபும் சொல்வதில்லை, கேட்பவரே புரிந்துகொள்கிறார். வரிசை திரும்பும்போது ஆங்கிலம் அந்த உறவை வெளிப்படையாகக் கேட்கும். இட்லிக்கு ‘தி இட்லி ஐ ஏட்’ போதும். அதே அச்சில் ‘தி ஹோட்டல் ஐ ஏட்’ என்று எழுதினால் ஓட்டலையே தின்றுவிட்டதாக ஆகிவிடும். ‘வேர் ஐ ஏட்’ என்று இடத்தைக் காட்ட வேண்டும். தட்டுக்கு ‘தி ப்ளேட் ஐ ஏட் ஃப்ரம்’ என்று கடைசியில் ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். பெயரெச்சத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும், பெயர் அந்த வினைக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; கேட்காமல் விட்டால் பிழை ஏற்படுவது பெரும்பாலும் இடத்திலும் கருவியிலும்தான்.

கேள்வி உள்ளே அடங்கிய வாக்கியத்தில் வரும் தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பது தனிக் கேள்வியாக நின்றாலும், ‘அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை’ என்பதற்குள் நின்றாலும் தமிழில் வடிவம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் தனிக் கேள்விக்கு ‘வேர் இஸ் ஹீ’ என்று வினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும். உள்ளே அடங்கியவுடன் ‘வேர் ஹீ இஸ்’ என்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ’ என்று நம்மவர்கள் எழுதுவது, தமிழில் மாறாதது ஆங்கிலத்திலும் மாறாது என்ற எண்ணத்தால்தான்.

கடைசியாக, முதலில் நிற்கும் சொல்லை எழுவாய் என்று எடுத்துக்கொள்ளும் தவறு. ‘இந்த வீட்டை என் தாத்தா கட்டினார்’ என்பதில் எழுவாய் தாத்தா. விதிப்படி அவரை முன்னால் கொண்டுவந்து ‘மை க்ராண்ட்ஃபாதர் பில்ட் திஸ் ஹவுஸ்’ என்று எழுதினால் பொருள் சரியாக இருக்கும். ஆனால் தமிழ் வாக்கியம் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கி, கட்டியவர் யார் என்ற புதுச்செய்தியை வினைக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. தமிழில் பெரும்பாலும் அழுத்தம் பெறும் இடம் வினைக்கு நேர்முன்னே உள்ள இடம்; ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் கடைசி. ஆகவே ‘திஸ் ஹவுஸ் வாஸ் பில்ட் பை மை க்ராண்ட்ஃபாதர்’ என்ற செயப்பாட்டு வாக்கியமே மூலத்துக்கு நெருக்கமானது. செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லும் எழுத்துக் கையேடுகளின் அறிவுரை இந்த இடத்துக்குப் பொருந்தாது. தமிழில் ‘தான்’ சேர்ந்து ‘என் தாத்தாதான் கட்டினார்’ என்று அழுத்தம் இன்னும் கூடியிருந்தால், ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் மை க்ராண்ட்ஃபாதர் ஹூ பில்ட் திஸ் ஹவுஸ்’ என்று தாத்தாவைப் பிரித்து முன்னால் நிறுத்தலாம். ‘மை க்ராண்ட்ஃபாதர் ஒன்லி’ என்று எழுதினால், ஆங்கில வாசகர் அதைத் தாத்தா தனியாளாகக் கட்டினார் என்றோ, கட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றோதான் எடுத்துக்கொள்வார்.