இணையப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு அட்டவணையை மட்டும் ஷீட்டுக்குக் கொண்டு வருவது எப்படி?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இப்படி ஒரு வேலை வந்துவிடும்: "இந்தப் பக்கத்தில் இருக்கிற அட்டவணையை எக்செல்லில் போட்டுக் கொடு." அவர்கள் செய்வது ஒன்றுதான். Ctrl+A, Ctrl+C, Ctrl+V. பக்கத்தின் மெனு, படங்கள், அடிக்குறிப்பு எல்லாம் சேர்ந்து ஷீட்டில் கொட்டும். அப்புறம் மதியம் வரை வேண்டாத வரிகளை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூகுள் ஷீட்டில் ஒரே ஃபார்முலாவில் இதை முடிக்கலாம். அதில் சிரமமான இடமும் ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் அட்டவணைகளில் நம்முடையது எத்தனையாவது என்று கண்டுபிடிப்பது. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு நம் ஊர்ப் பக்கத்து விஷயத்தையே எடுப்போம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு மாவட்டங்கள். அவற்றின் மக்கள்தொகை நமக்கு வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியாவின் எல்லா மாவட்டங்களையும் பட்டியலிடும் பக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அட்டவணை என்று பக்கம் மிக நீளமாகப் போகும். நமக்கு வேண்டியது அதில் நான்கே வரி.

ஷீட்டைத் தயார் செய்தல்

புதிய கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து, A1 செல்லில் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள்.

```
https://en.wikipedia.org/wiki/List_of_districts_in_India
```

B1 செல்லில் இப்போதைக்கு 1 என்று போடுங்கள். A3 செல்லில் இந்த ஃபார்முலா:

```
=IMPORTHTML(A1, "table", B1)
```

முதல் முறை போடும்போது, வெளியிலிருந்து தகவல் எடுக்க அனுமதி கேட்டு ஷீட்டின் மேலே ஒரு பட்டை வரலாம். அதில் `Allow access` என்பதை அழுத்தினால்தான் ஃபார்முலா வேலை செய்யும். பலர் இந்தப் பட்டையைக் கவனிக்காமல் ஃபார்முலா தப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

முகவரியையும் எண்ணையும் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதலாம். நான் வேண்டுமென்றே தனிச் செல்களில் வைக்கச் சொல்கிறேன். எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டி வரும்போது B1-ஐ மட்டும் தொட்டால் போதும், ஃபார்முலாவில் மேற்கோள் குறியோ அடைப்புக் குறியோ விட்டுப்போகும் பயம் இல்லை.

A3-க்குக் கீழேயும் வலப்பக்கமும் காலியாக இருக்க வேண்டும். அங்கே எதையாவது தட்டி வைத்திருந்தால் #REF! என்று வரும். வழியை மறிக்கும் செல்லை அழித்தால் அட்டவணை தானாக விரியும்.

நம் அட்டவணை எத்தனையாவது?

B1-இல் இருக்கும் 1 என்பது பக்கத்தின் HTML-இல் வரும் முதல் அட்டவணை. கண்ணால் பார்த்து எண்ணினால் இது பெரும்பாலும் ஒத்துவராது. எச்சரிக்கைப் பெட்டி, பக்க ஓரத்துத் தகவல் பெட்டி, அடியில் இருக்கும் இணைப்புப் பட்டை எல்லாம்கூட உள்ளே அட்டவணையாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஃபார்முலா அவற்றையும் சேர்த்தே எண்ணும்.

சின்னப் பக்கம் என்றால் B1-இல் 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போகலாம். மாவட்டப் பட்டியல் மாதிரி நீளமான பக்கத்தில் அப்படிப் போனால் பொறுமை போய்விடும். அதற்கு இப்படிச் செய்யுங்கள். அந்தப் பக்கத்தை கம்ப்யூட்டரில் குரோமில் திறந்து F12 அழுத்துங்கள். வரும் பலகத்தில் `Console` என்ற தாவலுக்குப் போய் இதை ஒட்டி என்டர் தட்டுங்கள்:

```
document.querySelectorAll("table").forEach((t, i) => {
  if (t.textContent.includes("Yanam"))
    console.log(i + 1, t.textContent.slice(0, 80));
});
```

இதுவரை அங்கே எதையும் ஒட்டியதில்லை என்றால் குரோம் தடுக்கும், `allow pasting` என்று கையால் தட்டச் சொல்லும். தட்டிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். தெரியாதவர் கொடுக்கும் கோடை அங்கே ஒட்டவே கூடாது என்பதற்காக வைத்த தடுப்பு அது, நல்ல ஏற்பாடு. மேலே இருப்பது பக்கத்தின் அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "Yanam" என்ற சொல் எதில் இருக்கிறதோ அதன் வரிசை எண்ணையும் தொடக்க எழுத்துகளையும் காட்டுகிறது. வேறொன்றும் செய்யாது.

ஏன் ஏனாமைத் தேடச் சொல்கிறேன்? "Puducherry" என்று தேடினால் மாநிலங்களின் மொத்தப் பட்டியலிலும் அது இருக்கும், தேவையில்லாத எண்கள் வரும். நாம் தேடும் அட்டவணையில் மட்டும் இருக்கக்கூடிய சொல்லைக் கொடுப்பதில்தான் சூட்சுமம். அப்படியும் இரண்டு மூன்று எண்கள் வந்தால், கூடவே வரும் தொடக்க எழுத்துகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணைக் கொண்டுபோய் B1-இல் போடுங்கள்.

சில பக்கங்களில் இந்த எண்ணுக்கும் ஷீட் எண்ணும் எண்ணுக்கும் ஒன்றிரண்டு வித்தியாசம் வரும். பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் புதிதாக அட்டவணைகளைச் சேர்த்திருந்தால் அப்படி ஆகும். முன்னாலும் பின்னாலும் ஒன்றிரண்டு எண் நகர்த்திப் பாருங்கள், கிடைத்துவிடும்.

வேண்டிய பத்திகள் மட்டும்

நான்கு மாவட்டங்களும் வந்துவிட்டன. கூடவே குறியீடு, தலைமையிடம், பரப்பளவு என்று மற்ற பத்திகளும் வரும். நமக்குப் பெயரும் மக்கள்தொகையும் போதும். வந்திருக்கும் அட்டவணையில் இடமிருந்து எண்ணி அந்த இரண்டும் எத்தனையாவது பத்தி என்று பாருங்கள். 2-ஆவதும் 4-ஆவதும் என்றால், A3-இல் இருப்பதை இப்படி மாற்றுங்கள்:

```
=CHOOSECOLS(IMPORTHTML(A1, "table", B1), 2, 4)
```

இதற்கு QUERY பயன்படுத்தச் சொல்லிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதுவும் நல்ல கருவிதான். ஆனால் QUERY ஒரு பத்தியில் எண்கள் அதிகமாக இருந்தால் அந்தப் பத்தி முழுவதையும் எண் என்றே எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு செல் மட்டும் எழுத்தாக இருந்தால், அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் காலியாக்கிவிடும். நான்கு மாவட்டத்தில் ஒன்று காலியானால் கண்ணில் பட்டுவிடும். நாற்பது வரியில் படாது. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு CHOOSECOLS-தான் பாதுகாப்பு.

எண் எண்ணாக வந்திருக்கிறதா?

ஷீட்டில் எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். மக்கள்தொகைப் பத்தியில் ஏதாவது ஒன்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் அது எழுத்தாக வந்திருக்கிறது. விக்கிப்பீடியாவில் இதற்கு வழக்கமான காரணம், எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் [1], [2] மாதிரி மேற்கோள் குறிகள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண் அல்லாத எல்லாவற்றையும் நீக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். 41,816[2] என்பதில் அப்படி நீக்கினால் 418162 கிடைக்கும். மாஹேயின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும்! அடைப்புக்குறியையும் அதற்குள் இருப்பதையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். C4-இல் இதைப் போட்டு C7 வரை இழுங்கள்:

```
=VALUE(REGEXREPLACE(TO_TEXT(B4), "\[.*?\]|[^0-9.]", ""))
```

இப்போது ஏதாவது காலிச் செல்லில் கூட்டிப் பாருங்கள்:

```
=SUM(C4:C7)
```

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாஹே 41,816. மொத்தம் 12,47,953. உங்களுக்கு 12,44,464 என்று வந்தாலும் பதற வேண்டாம், ஃபார்முலாவில் கோளாறு இல்லை. அது அதே கணக்கெடுப்பின் தற்காலிக எண்ணிக்கை. இறுதி எண்ணிக்கை வந்த பிறகும் பல பக்கங்களில் பழையது மாற்றப்படாமலே கிடக்கும். டேட்டா என்ட்ரி வேலையில் இது முக்கியமான வித்தியாசம்: அட்டவணையைப் பிழையில்லாமல் எடுத்தும், அட்டவணையே பழையதாக இருக்கலாம். இந்த இரண்டையும் விட்டு வேறு எண் வந்தால், எடுத்ததில்தான் எங்கோ தவறு. பெரும்பாலும் மேற்கோள் குறியாகவோ, பத்தி எண் தவறியதாகவோ இருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிறது, ஷீட்டில் வரவில்லை

"சார், பக்கத்தில் அட்டவணை நல்லாத் தெரியுதே, இங்கே மட்டும் ஏன் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது?" என்று என்னிடம் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். தினமும் மாறும் விலைப்பட்டியல் ஒன்றை எடுக்கப் பார்த்து, #N/A வாங்கியிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் Ctrl+U அழுத்தச் சொன்னேன். பக்கத்தின் மூலக் குறிமுறை திறக்கும். அங்கே Ctrl+F போட்டு, திரையில் தெரியும் விலைகளில் ஒன்றைத் தேடினாள். இல்லை. அதாவது சர்வர் அனுப்புவது வெறும் சட்டம்தான், எண்களைப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கொண்டுவந்து நிரப்புகிறது. IMPORTHTML ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் அதற்குக் கிடைப்பது காலிச் சட்டம் மட்டுமே. இப்படிப்பட்ட பக்கத்துக்கு ஃபார்முலாவை எப்படி மாற்றினாலும் பயனில்லை. பக்கத்தில் CSV அல்லது எக்செல் கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

லாகின் செய்தால் மட்டும் தெரியும் பக்கங்களும் வராது. நீங்கள் பிரவுசரில் லாகின் செய்திருந்தாலும் பக்கத்தைக் கேட்பது கூகுளின் சர்வர், அதற்கு உங்கள் லாகின் தெரியாது. PDF-ஆக இருக்கும் அட்டவணைக்கும் இந்த ஃபார்முலா கிடையாது.

எடுத்ததை உறைய வைத்தல்

ஷீட் திறந்திருக்கும்போது இந்த ஃபார்முலா சுமார் மணிக்கொருமுறை பக்கத்தை மறுபடி பார்க்கும். விலை மாதிரி மாறும் தகவலுக்கு இது வசதி. யாருக்காவது ஒப்படைக்கப் போகும் பட்டியலுக்கு ஆபத்து. விக்கிப்பீடியாவில் யாரோ மேலே புதிதாக ஒரு அட்டவணை சேர்த்தால் நம் எண் ஒன்று தள்ளிப்போகும், நான்கு மாவட்டங்கள் இருந்த இடத்தில் வேறொரு மாநிலம் வந்து உட்காரும்.

அதனால் கூட்டுத்தொகை சரியாக வந்ததும் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து Ctrl+C, பிறகு இன்னொரு தாளில் Ctrl+Shift+V. ஃபார்முலா போய் வெறும் மதிப்புகள் மட்டும் ஒட்டும். அதன் மேல் வரியில் பக்கத்தின் முகவரியையும் எடுத்த தேதியையும் தட்டி வைத்துவிட்டு, அந்தத் தாளைக் கொடுங்கள்.