0.1 மோலார் ஆக்சாலிக் அமிலக் கரைசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில், செறிவு தெரியாத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தரம்பார்க்க முதலில் தயாரிக்கப்படுவது பெரும்பாலும் ஆக்சாலிக் அமிலத்தின் திட்டக் கரைசல்தான். இதன் செறிவு பிழையானால், அதை நம்பிச் செய்யும் தரம்பார்த்தல் முழுவதும் பிழையாகிவிடும். பியூரெட் அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும் என்பதால், பிழை நேர்ந்ததே தெரியாது.

மிகப் பெரிய தவறு தராசைத் தொடும் முன்பே, கணக்கில் நேர்கிறது. ஆய்வகக் குப்பியில் இருப்பது பொதுவாக H₂C₂O₄·2H₂O, அதாவது இரண்டு நீர் மூலக்கூறுகளைப் படிகத்துக்குள் கொண்டிருக்கும் ஆக்சாலிக் அமிலம். இதன் மோலார் நிறை 126.07 கிராம், நீரற்ற அமிலத்துக்கோ 90.03 கிராம். 250 மி.லி. 0.1 மோலார் கரைசலுக்கு 0.025 மோல் தேவை, எனவே 3.15 கிராம் படிகத்தை எடுக்க வேண்டும். படிக நீரை மறந்து 90-ஐக் கொண்டு கணக்கிடும் மாணவர் 2.25 கிராம் எடுப்பார். அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.071 மோலார் கரைசல். அதை 0.1 என்று நம்பித் தரம்பார்த்தால், சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவு உண்மையைவிட 40 விழுக்காடு கூடுதலாக வரும். குப்பியின் லேபிளில் அச்சிட்டிருக்கும் வாய்பாட்டையும் மூலக்கூறு நிறையையும் படித்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

எடை துல்லியமாக 3.15 கிராமிலேயே நிற்க வேண்டும் என்று படிகங்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக நேரத்தைச் செலவிடுவதும், மிகுந்ததைத் திரும்பக் குப்பியிலேயே கொட்டுவதும் தேவையற்றவை. பின்னது குப்பியில் உள்ள பொருளையே மாசுபடுத்தும். 3.18 கிராம் வந்தால் அதையே எழுதிக்கொண்டு, செறிவை 0.101 மோலார் எனக் குறித்தால் போதும்.

எடுத்த படிகத்தை முகவையில் ஏறத்தாழ 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புனல் வழியாக அளவுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். முகவை, கண்ணாடித் தண்டு, புனல் மூன்றிலும் கரைசல் ஒட்டியிருக்கும். சிறிதளவு நீரால் இரண்டு மூன்று முறை அலசி, அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்காவிட்டால் எடுத்த எடைக்குப் பொருளில்லை. கரைய வைப்பதற்காகச் சூடாக்கியிருந்தால், அறை வெப்பநிலைக்கு ஆறிய பின்பே குடுவைக்கு மாற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது குறிவரை நிரப்பிய கரைசல், ஆறும்போது சுருங்கிக் குறிக்குக் கீழே இறங்கிவிடும்.

குறியை நெருங்கியதும் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, வளைந்த நீர்மட்டத்தின் அடிப்பகுதி குறியைத் தொடும்போது நிறுத்த வேண்டும். கண் அந்தக் குறியின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால், மிகுந்ததைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுப்பது பயன் தராது. நீரோடு அமிலமும் வெளியேறுமே தவிர, குறைந்துபோன செறிவு மீளாது. அந்தக் கரைசலை விட்டுவிட்டு மீண்டும் எடை பார்ப்பது ஒன்றே வழி. நிரப்பியதும் மூடியை அழுத்திப் பிடித்து, குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இல்லையெனில் அடியில் செறிவான கரைசலும் கழுத்தில் ஏறக்குறைய வெறும் நீருமே இருக்கும்.

இதிலிருந்து 0.01 மோலார் கரைசல் வேண்டுமென்றால், M₁V₁ = M₂V₂ என்ற சமன்பாட்டின்படி 25 மி.லி. எடுத்து 250 மி.லி. ஆக்க வேண்டும். இங்கே V₂ என்பது இறுதிக் கன அளவு. 25 மி.லி. கரைசலோடு 250 மி.லி. நீரைச் சேர்த்தால் மொத்தம் 275 மி.லி. ஆகி, செறிவு 0.0091 மோலாராகக் குறையும். பிப்பெட்டை எடுக்கப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும்; அளவுக் குடுவையை நீரால் மட்டுமே அலச வேண்டும், ஏனெனில் அதில் ஒட்டும் கூடுதல் கரைசல் மோல்களின் எண்ணிக்கையை மாற்றிவிடும். ஆக்சாலிக் அமிலம் நச்சுத்தன்மை கொண்டது. ஆகவே வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் எங்கேனும் இருந்தால் அது உடனே நிறுத்தப்பட வேண்டும். ரப்பர் பல்பு அல்லது பிப்பெட் நிரப்பியைப் பயன்படுத்துவதும், கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

தரம்பார்க்கப்படும் சோடியம் ஹைட்ராக்சைடைத் தயாரிக்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது, ஏனெனில் அது கரையும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். வில்லைகளின் மீது நீரை ஊற்றாமல், நிறைய நீரில் வில்லைகளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்க வேண்டும். அளவுக் குடுவைக்குள் நேரடியாகப் போடவே கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்வதால், எடையைக் கொண்டு கணக்கிட்ட செறிவை லேபிளில் ‘ஏறத்தாழ’ என்றே எழுதி, சரியான மதிப்பைத் தரம்பார்த்த பின் சேர்க்க வேண்டும்.